அரக்கு நிறத்துக்கு ஒரு வெளிச்சம்

போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, கும்பகோணம் பக்கத்தில் காப்பித்தூள் வியாபாரம் செய்யும் ஒருவர் தன் கடை மேசையில் பதினாறு படங்களை அச்செடுத்துப் பரப்பி வைத்திருந்தார். பதினாறும் கேமராவால் எடுத்தவை அல்ல. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, படம் உருவாக்கும் செயலிகளிடம் வாங்கியவை. அப்படி எழுதிக் கொடுக்கும் வரிகளைத்தான் ப்ராம்ப்ட் என்கிறோம். அவர் கடைக்கு மூன்று பேர் ப்ராம்ப்ட் எழுதுகிறார்கள்: விளம்பர வேலை பார்க்கும் ஒரு பெண், கோவையில் இருந்துகொண்டே வேலை செய்யும் டிசைனர், கடைக்காரரின் மகன்.

கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் படங்களுக்கு நடுவில் வைத்தார்.

"இதுல எது நம்ம அரக்கு, சொல்லுங்க சார்?"

ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தில் செங்கல் நிறம். இன்னொன்றில் திராட்சை ரசம். மூன்றாவதில் குங்குமம். படங்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகுதான். சேர்த்துப் பார்த்தால் பதினாறு கடைகளின் விளம்பரம் போல இருந்தன. இந்த மூவருக்கும் பொதுவாக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் வேலை. எந்த நிறங்கள், எந்தச் சொற்கள் கூடாது, வெளிச்சத்தை எப்படிக் கேட்பது, இவ்வளவும் ஒரே பக்கத்தில். எழுதி முடித்தபோது எனக்கு உறுதியான ஒன்று உண்டு: இந்த மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல. மூன்றும் வெளிச்சம் பற்றியவை.

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்டைல் கைடு இருந்தது. பாக்கெட் அச்சடிக்கத் தயாரித்தது. அதில் அரக்கு நிறத்துக்கு `#6B1420` என்று ஓர் எண் போட்டிருந்தது. திரையில் ஒரு நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண் அது. டிசைனர் அதை அப்படியே ப்ராம்ப்ட்டில் போட்டுவந்தார். அதில்தான் முதல் கோளாறு. படம் உருவாக்கும் மாடல்கள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விவரிப்புகளையும் பார்த்துப் பழகியவை. ஒரு புடவைப் படத்துக்குக் கீழே யாரும் `#6B1420` என்று எழுதுவதில்லை. மெரூன் என்றுதான் எழுதுவார்கள். ஆகவே எண் அவற்றுக்குப் பெரும்பாலும் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம். புதிதாக வந்த சில மாடல்கள் எண்ணையும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கப்பால் ஒரு சிக்கல் இருக்கிறது. அரக்குத் துணியைச் சாயங்கால வெயிலில் வைத்தால் செங்கல் நிறமாகும், நீலம் கலந்த நிழலில் வைத்தால் ஊதா எட்டிப்பார்க்கும். மாடல் துணிக்குச் சரியான நிறத்தையே எடுத்துக்கொண்டாலும், அதன் மேல் எந்த வெளிச்சத்தை வரைகிறதோ அதுதான் நம் கண்ணுக்கு வரும் நிறம்.

எனவே நிறப்பட்டியலில் எண்ணுக்குப் பதிலாகச் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரே ப்ராம்ப்ட்டை வைத்துக்கொண்டு நிறச் சொல்லை மட்டும் மாற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு படங்கள் எடுத்தோம். சீட் எண் என்று ஒன்று உண்டு. அதே எண்ணைக் கொடுத்தால் படத்தின் அமைப்பு ஏறக்குறைய அப்படியே வரும். செயலியில் அந்த வசதி இருந்தால் இந்தச் சோதனைக்குப் பெரிய உதவி. பர்கண்டி என்று கேட்டால் ஊதா பக்கம் சாய்ந்தது. அது ஒரு திராட்சை மதுவின் பெயர் என்பதால் ஒரு படத்தில் கண்ணாடிக் கோப்பையே வந்துவிட்டது. டார்க் ரெட் குங்குமமாக வந்தது. டீப் மெரூன்தான் பாக்கெட்டுக்குக் கிட்டே வந்தது. கடைக்காரர் சொல்லும் அரக்கு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாததால், இப்படி அருகில் வரும் சொல்லைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது நிறத்தில் இதைவிட வேடிக்கையான ஒரு தடை. பாக்கெட்டின் எழுத்துகள் இருக்கும் பட்டை வெண்ணெய் கலந்தது போன்ற வெள்ளை. அதைக் கிரீம் என்று எழுதினார்கள். காப்பிப் படத்தில் கிரீம் என்று எழுதினால் சுவர் கிரீம் நிறத்தில் வராது. காப்பியின் மேல் அடித்த கிரீம் குவியலாக உட்காரும். சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், படத்தில் இருக்கும் மற்றப் பொருள்களுக்கு எது பொருந்துமோ அந்தப் பக்கம் மாடல் போய்விடும். டம்ளர் என்ற சொல்லிலும் இதுதான் நடந்தது. அமெரிக்க வழக்கில் அது மூடி போட்ட உயரமான பயணக் குவளை. பித்தளை டம்ளர் கேட்டவர்களுக்குப் பித்தளை நிறத்தில் ஒரு பிளாஸ்க் கிடைத்தது. ஃபில்டர் காப்பி என்றாலோ காகித வடிகட்டியும் கண்ணாடிக் குடுவையும் வந்து நிற்கும்.

ஆகையால் பக்கத்தில் நிறத்தைத் தனியே எழுதவில்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பொருளோடு கட்டிப்போட்டோம். "மெரூன் தீம்" என்று பொதுவாக எழுதினால் அந்த நிறம் கசிந்து உதட்டுக்கும் சுவருக்கும் காப்பிக்கும் போய்விடுகிறது. நிறம் எதன் மேல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கசிவு வெகுவாகக் குறையும். முற்றிலும் நிற்காது. கடைசியில் அனுமதித்த நிறங்கள் மூன்றே மூன்று, மூன்றும் பொருளாகவே:

```
deep maroon cotton cloth
plain off-white limewashed wall
polished yellow brass
```

துணி, சுண்ணாம்பு அடித்த சுவர், பித்தளை. துணி படத்தில் கால் பங்குக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அதற்கு மேல் போனால் பித்தளையிலும் முகத்திலும் அரக்கு பிரதிபலிக்கத் தொடங்குகிறது. டபரா டம்ளரை எழுத்தால் வருணிப்பதை நாங்கள் கைவிட்டோம். கடைக்காரர் வீட்டு டபராவையே ஃபோட்டோ எடுத்து, அதை மாதிரிப் படமாகச் செயலியில் ஏற்றச் சொன்னோம். பாக்கெட்டும் அப்படித்தான், இன்னும் கண்டிப்பாக. பாக்கெட்டை மாடல் வரையவே கூடாது. அதன் மேலுள்ள எழுத்து கோணும், முத்திரை மாறும். உண்மையான பாக்கெட்டை அதே பக்க வெளிச்சத்தில் படமெடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். விளம்பரத்தின் அடிப்பட்டை, பெயர், முத்திரை எல்லாம் கடைசியில் டிசைன் மென்பொருளில் வைப்பவை. `#6B1420` என்ற அந்த எண்ணுக்கு வேலை அங்கேதான். அங்கே அது இம்மி பிசகாது.

அடுத்து, கூடாத சொற்கள். இந்தப் பகுதியை எழுதத் தொடங்கும்போது நான் எதிர்பார்த்தது வேறு. அழகான, அருமையான போன்ற வெற்று அடைமொழிகளை விலக்கினால் போதும் என்று நினைத்தேன். பதினாறு படங்களின் ப்ராம்ப்ட்டுகளையும் வாங்கி, நிறம் தவறியவற்றை ஒரு பக்கமாக அடுக்கிப் படித்தபோது, குற்றவாளிகள் வேறு சொற்கள் என்று தெரிந்தது. தவறிய படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வெளிச்சத்தை ஒளித்துவைத்திருக்கும் ஒரு சொல் இருந்தது.

டிரெடிஷனல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் நினைத்தது மரபான வீட்டை. மாடல் கொடுத்தது இருண்ட அறை, ஒரு லாந்தர், பழுப்பேறிய பழைய படத்தின் சாயல். ஃபெஸ்டிவ் என்றால் பின்னணி முழுக்க மங்கலான மஞ்சள் விளக்குப் பொட்டுகள். லக்ஷுரி என்றால் கறுப்புப் பின்னணியும் ஓரத்தில் ஒரு தங்கக் கீற்றும். சினிமாட்டிக் என்றால் நிழல் நீலப்பச்சையாகவும் முகம் ஆரஞ்சாகவும் மாறும். பல ஆண்டுகளாகத் திரைப்படங்களுக்கு அப்படி நிறம் ஏற்றிய வழக்கம் அது. கோல்டன் அவர் வெளிப்படையாகவே வெளிச்சச் சொல். அது அரக்கைச் செங்கல்லாக மாற்றாமல் விடாது. வைப்ரன்ட் எல்லா நிறத்தையும் தூக்கிக் கொடுக்கும், அரக்கு சிவப்பாகும். இந்தச் சொற்களில் ஒன்றைப் போட்டுவிட்டு மெரூன் என்று நான்கு முறை எழுதினாலும் பயனில்லை.

வெறுமனே "கூடாது" என்று பட்டியல் போட்டால் ஒரு வாரத்தில் அது மீறப்படும். எழுதுகிறவருக்கு அந்தச் சொல்லால் ஒரு தேவை இருந்திருக்கிறது. அந்தத் தேவைக்கு வேறு சொல் கொடுத்தாக வேண்டும். டிரெடிஷனல் என்று எழுதிய பெண்ணிடம், மனதில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"எங்க பாட்டி வீடு சார். திண்ணை, செவப்புத் தரை, மர ஊஞ்சல்."

அப்படியானால் அந்தத் திண்ணையையும் சிவப்புத் தரையையும் ஊஞ்சலையும் எழுதினால் போயிற்று. பக்கத்தில் டிரெடிஷனல் என்ற சொல்லுக்கு எதிரே இப்போது இந்த மூன்றும்தான் இருக்கின்றன. லக்ஷுரிக்கு எதிரே: நன்றாகத் துலக்கிய பித்தளை, சுருக்கமில்லாத துணி, பொருள்களுக்கு நடுவே தாராளமான வெற்றிடம். கருத்தைச் சொல்லும் சொல்லை எடுத்துவிட்டுக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளை வைப்பது, இவ்வளவுதான் விதி.

இந்தியன் என்ற சொல்லையும் விலக்கினோம். 2023இல் ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் என்ற இதழ் மிட்ஜர்னி செயலியிடம் "ஓர் இந்தியர்" என்று மட்டும் கேட்டு வாங்கிய படங்களை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தாடி வைத்த முதியவரே இருந்தார். காவிரிக் கரை வீட்டில் காப்பி ஆற்றும் நாற்பது வயதுப் பெண் அந்தச் சொல்லில் கிடைக்கமாட்டார். வயது, புடவை, தோல் நிறம் ஆகியவற்றைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். தோல் நிறம் பற்றி எதுவும் எழுதாமல் விட்டால் வெளிறிய முகமே அடிக்கடி வருவதைப் பார்த்தோம். அதனால் மாநிறம், கறுப்பு இரண்டுக்கும் உரிய சொற்களைப் பக்கத்தில் எழுதிவைத்தோம். சிவப்பான, பளபளப்பான முகம் என்று பொருள்படும் சொற்களை விலக்கினோம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தக் காப்பியை வாங்குகிறவர்களின் முகம்தான் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். உயிரோடிருக்கும் ஓவியர்கள், புகைப்படக்காரர்கள் பெயரும் வேறு கம்பெனிகளின் பெயரும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதற்கு மாற்றுச் சொல் தரவில்லை.

இல்லை, வேண்டாம் என்று எழுதுவதும் விலக்குப் பட்டியலில்தான் சேரும். "ஆரஞ்சு வெளிச்சம் வேண்டாம்" என்று ப்ராம்ப்ட்டுக்குள் எழுதினால், பல மாடல்களுக்கு ஆரஞ்சு என்ற சொல்தான் உறைக்கும், வேண்டாம் என்பது உறைக்காது. முன்பு இல்லாத ஆரஞ்சு வந்து சேரும். வேண்டாதவற்றுக்குச் சில செயலிகளில் தனிப் பெட்டி இருக்கிறது. மிட்ஜர்னியில் வரியின் கடைசியில் இப்படிப் போடலாம்:

```
--no lantern, bokeh, whipped cream
```

அந்த வசதி இல்லாத இடத்தில், வேண்டாததைப் பற்றிப் பேசாமல் வேண்டியதை மட்டும் எழுத வேண்டும்.

இனி வெளிச்சம். பக்கத்தின் நடுவில், பெரிய எழுத்தில், ஒரே வாக்கியம். மூவரும் அதைக் கையால் தட்டச்சு செய்யக் கூடாது; நகலெடுத்து ஒட்ட வேண்டும்.

```
soft daylight from a large window on the left,
neutral white balance, gentle shadows falling to the right
```

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து பிறக்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, மென்மையா கடுமையா, என்ன நிறம். நான்கில் ஒன்றை விட்டாலும் அந்த இடத்தை மாடல் தன் பழக்கத்தால் நிரப்பிக்கொள்ளும். பெரிய ஜன்னல் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும் என்பது புகைப்படக்காரர்கள் அறிந்த பாடம். அந்தப் படங்களில் பழகிய மாடலுக்கும் அது தெரிகிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க 5600 கெல்வின் என்று எழுதிப் பார்த்தோம். பகல் வெளிச்சத்துக்குக் கேமராவில் வைக்கும் அளவு அது. மாடல் அதை அளவாக எடுத்துக்கொள்வதில்லை, லேசான குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. ஜன்னல், பகல் என்ற சொற்கள் அதைவிட உறுதியாக வேலை செய்தன.

வாக்கியம் எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். தொடக்க கால ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்களின் எழுத்துப் பகுதி 77 துண்டுகளை மட்டுமே ஒரே மூச்சில் படிக்கும். தொடக்கம், முடிவு என்ற இரண்டு குறிகளைக் கழித்தால் நம் சொற்களுக்கு 75. நீளமான ப்ராம்ப்ட்டின் வாலில் வெளிச்சத்தை வைத்தால் அது படிக்கப்படாமலே போகலாம். இப்போதைய மாடல்கள் அதைவிட அதிகம் படிக்கும் என்றாலும், நாங்கள் பொருளைச் சொன்ன உடனே வெளிச்ச வாக்கியத்தை வைக்கிறோம். மற்ற விவரமெல்லாம் அதற்குப் பின்னால். இன்னொரு எச்சரிக்கை: சில செயலிகள் நாம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தாமே விரித்து எழுதிக்கொள்ளும். டால்-ஈ 3 அப்படித்தான் செய்தது. மாற்றி எழுதிய வாசகத்தை `revised_prompt` என்ற பெயரில் திருப்பித் தந்தது. டிசைனரின் ஒரு படம் ஏன் பொன்னிறமாக வந்தது என்று தேடியபோது, நம் வாக்கியத்தோடு "வார்ம்" என்று ஒரு சொல் அங்கே சேர்ந்திருந்தது. மாற்றி எழுதும் செயலியில் அந்த வாசகத்தைப் படித்த பிறகே படத்தை ஏற்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சுண்ணாம்புச் சுவரைப் பட்டியலில் வைத்த காரணம் இதுதான். புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தின் நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றை வைத்துப் படமெடுப்பார்கள். எங்களுக்குச் சுவர்தான் அந்த அட்டை. படத்தைத் திறந்து, வெளிச்சம் விழும் இடத்தில், நிழலில் அல்ல, சுவரின் மேல் நிறம் எடுக்கும் கருவியை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் கிடைக்கும். 235, 228, 214 போல வந்தால் நல்லது. 240, 205, 150 என்று வந்தால் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. துணியைப் பார்க்கவே வேண்டாம், அரக்கு தவறியிருக்கும். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே 40க்கு மேல் போனால் படம் திரும்ப வேண்டும் என்று வைத்தோம். இந்த 40 எங்கள் சுவருக்கும் எங்கள் துணிக்கும் நாங்களே பார்த்துப் பார்த்து வைத்த எல்லை. இன்னொரு கடைக்கு அது வேறாகத்தான் இருக்கும். கொஞ்சம் தவறியிருந்தால் மென்பொருளில் சுவரை வைத்து வெள்ளைச் சமநிலையைத் திருத்தலாம், அரக்கும் கூடவே திரும்பி வரும். அதிகம் தவறிய படத்தைத் திருத்தினால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

இடது வலது மட்டும் மாடல்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நான்கில் ஒரு படத்தில் ஜன்னல் வலப்பக்கம் வந்து நிற்கும். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடலாமே என்றார் கடைக்காரரின் மகன். டபராவும் துணியும் மட்டும் இருந்தால் திருப்பலாம். ஆள் இருந்தால் கூடாது: முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், காப்பியை இடக்கையால் நீட்டுவார்கள். இதைப் பக்கத்தில் எழுதியே வைத்தோம், ஏனென்றால் அப்படித் திருப்பிய ஒரு படம் கடை வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய், ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

தீபாவளிக்கு அந்தப் பகல் வாக்கியம் போதவில்லை. விளக்கு எரிய வேண்டும், ஆனால் விளக்கின் மஞ்சள் அரக்கைத் தின்றுவிடக் கூடாது. விளக்கை முன்னால் வைத்தவை எல்லாம் தோற்றன. பலமுறை மாற்றிய பிறகு, விளக்கைச் சிறிதாக்கிப் பின்னால் தள்ளி, முன்னால் இருப்பவற்றுக்கு அந்தி மயங்குமுன் இருக்கும் பகல் வெளிச்சத்தையே கொடுத்தோம்:

```
soft late-day window light from the left, neutral white balance,
two small oil lamps far in the background
```

பதினாறு படங்கள் மறுபடி எடுத்து, அதே மேசையில், பாக்கெட்டை நடுவில் வைத்துப் பரப்பினோம். மூன்று பேர் எழுதியவை, எதை யார் எழுதியது என்று படத்தின் பின்பக்கம் மட்டும் குறித்திருந்தோம். கடைக்காரர் பன்னிரண்டை ஒதுக்காமல் வைத்துக்கொண்டார். நான்கைத் தள்ளினார், அவற்றில் மூன்றில் சுவர் எண் எல்லை தாண்டியிருந்தது. நான்காவதில் எண் சரி, டம்ளரின் விளிம்பு மட்டும் சரியில்லை என்றார்.

பக்கத்தின் தலையில் செயலியின் பெயர், பதிப்பு எண், சோதித்த தேதி மூன்றும் இருக்கின்றன. பதிப்பு மாறினால் அதே சொற்கள் வேறு படம் தரும், அதனால் அன்று நான்கு ப்ராம்ப்ட்டுகளை மறுபடி ஓட்டிச் சுவரை அளக்க வேண்டும். அடியில் மூன்றாவது வெளிச்ச வாக்கியத்துக்கு ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறோம். பொங்கலுக்கு வாசலில் கோலம், காலை வெயில், திறந்தவெளி. அங்கே ஜன்னலும் இல்லை, சுண்ணாம்புச் சுவரும் இல்லை. கோலமாவின் வெள்ளையைச் சுவருக்குப் பதிலாக அளக்க முடியுமா என்று அந்தப் பெண் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்.